இருமுறை போன 86,400: மாத முடிவில் நிதி மேலாளருக்கு என்ன எழுதுவது?

மாதமுடிவு | 30 ஜூன், மாலை 6.40

ஒரே இன்வாய்சுக்கு ஒரு சப்ளையருக்கு இருமுறை பணம் போயிருப்பதை இன்று பிற்பகல் கண்டேன். தொகை 86,400, பொருளின் விலை 80,000, வரி 6,400. நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால் குறியீட்டை விட்டுவிட்டேன். நாளை காலை மாதக் கணக்கை மூடுவதற்கு முன் நிதி மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பியாக வேண்டும். என் வரைவு இது:

"இம்மாதக் கணக்குகளைச் சரிபார்த்தபோது, கணினியில் ஏற்பட்ட பிழையால் அட்டைப்பெட்டி சப்ளையருக்கு ஒரு தொகை கூடுதலாகச் செலுத்தப்பட்டிருப்பது தெரியவந்தது. அது உடனடியாகச் சரிசெய்யப்பட்டுவிட்டது. இனி இவ்வாறு நிகழாமல் பார்த்துக்கொள்ளப்படும்."

மூன்று வாக்கியங்களே போதும் என்பது என் வாதம். மாத முடிவில் நீண்ட கடிதம் படிக்க எந்த மேலாளருக்கும் நேரம் இருப்பதில்லை. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

சிவப்பு மை | 30 ஜூன், மாலை 7.05

இத்தகைய மின்னஞ்சல்களைப் பெறும் நாற்காலியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் மறுக்கிறேன். உங்கள் மூன்று வாக்கியங்களைப் படித்து முடித்ததும் நான் தொலைபேசியை எடுத்து நான்கு கேள்விகள் கேட்பேன். எவ்வளவு? எந்தத் தேதிகளில்? பணம் திரும்பி வந்துவிட்டதா? இம்மாத லாபக் கணக்கில் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது? அந்த உரையாடலுக்குப் பிடிக்கும் நேரம், நீங்கள் முழுமையாக எழுதியிருந்தால் படிக்கப் பிடித்திருக்கும் நேரத்தைவிட அதிகம்.

"சரிசெய்யப்பட்டுவிட்டது" என்ற சொல்தான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. சரியானது ஏட்டிலுள்ள பதிவா, வங்கியிலிருந்து போன பணமா? இவை இரண்டும் வெவ்வேறு நாளில் நடப்பவை. பணம் வந்து சேராத நிலையில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினால், பிறகு அதை நீங்களே மறுத்து எழுத வேண்டியிருக்கும்.

நேர்வழி | 30 ஜூன், மாலை 7.20

இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டாவது பணம் செலுத்திய பதிவை எதிர்ப்பதிவு போட்டு நீக்குங்கள். சப்ளையரின் பேரேடு பழைய நிலைக்கு வந்துவிடும். "தவறான பதிவு நீக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதினால் போதும். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். இதுவரை யாரும் கேட்டதில்லை.

வங்கி வரிசை | 30 ஜூன், மாலை 7.32

வங்கி இருமுறை அனுப்பியிருந்தால் அது வங்கியின் பொறுப்பு. உடனே வங்கிக்கு எழுதிப் பணத்தைத் திரும்ப இழுக்கச் சொல்லுங்கள். மேலாளருக்கு எழுதுவதெல்லாம் அதற்குப் பிறகு.

பழைய பேரேடு | 30 ஜூன், மாலை 7.55

வங்கி தானாக இருமுறை அனுப்பியதாக இழையைத் தொடங்கியவர் எங்கும் சொல்லவில்லை. வந்த கட்டளையை வங்கி நிறைவேற்றியிருந்தால் அதன்மீது குற்றம் இல்லை. சரியான கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்ட பணத்தை, பெற்றவரின் சம்மதமின்றி வங்கி பொதுவாக எடுத்துத் தராது. பெற்றவர் நமக்குத் தெரிந்த சப்ளையர் என்னும்போது அவரிடமே கேட்பதுதான் குறுக்கு வழி.

நேர்வழி சொல்வது ஒரே ஒரு சூழ்நிலையில் சரி. அனுப்பிய பணத்தை வங்கி ஏற்காமல் திருப்பியிருந்தால், அந்தப் பதிவை எதிர்ப்பதிவு போட்டு நீக்கலாம். இங்கே பணம் உண்மையாகவே வெளியேறியிருக்கிறது. ஏட்டில் அதை நீக்கினால், வங்கி அறிக்கையில் இருக்கும் 86,400 நம் ஏட்டில் இல்லாமல் போகும். நாளைய வங்கிச் சரிகட்டும் பட்டியல் அதே தொகைக்கு உதைக்கும். நடந்ததை நடக்கவில்லை என்று எழுதுவது திருத்தமாகாது.

மின்னஞ்சலுக்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். இன்வாய்ஸ் ஒருமுறை பதியப்பட்டுப் பணம் மட்டும் இருமுறை போனதா, அல்லது இன்வாய்சே இருமுறை பதியப்பட்டதா? முதல் வகையில் சப்ளையரின் பேரேட்டில் பற்று இருப்பு நின்று, தானே காட்டிக்கொடுக்கும். இரண்டாம் வகையில் இரண்டு இன்வாய்சுக்கு இரண்டு பணம் என்று பேரேடு சமமாகவே இருக்கும், வங்கிச் சரிகட்டலும் சுத்தமாக இருக்கும், செலவு மட்டும் கூடியிருக்கும். திருத்தும் பதிவு இரண்டுக்கும் ஒன்றல்ல. எந்த வகை என்று சொல்லாத மின்னஞ்சலை வைத்துக்கொண்டு மேலாளரால் எதையும் சரிபார்க்க முடியாது.

மாதமுடிவு | 30 ஜூன், இரவு 8.40

இரண்டாம் வகைதான். ஆவணங்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு வரிசையாக எழுதுகிறேன்.

இன்வாய்சின் எண் PK-0718, தேதி 22 மே. அது 26 மே அன்று கொள்முதல் ஆணையோடும் சரக்குப் பெற்ற சீட்டோடும் பொருத்திப் பார்க்கப்பட்டு, ஒழுங்காகப் பதியப்பட்டது. 5 ஜூன் அன்று பணம் போனது. ஆனால் சப்ளையரின் விற்பனைப் பிரிவு தங்கள் வரவைப் பார்க்காமல் 9 ஜூன் அன்று நினைவூட்டல் ஒன்றை அனுப்பி, அதே இன்வாய்சின் பிரதியை இணைத்திருந்தது. அந்தப் பிரதி புதிய இன்வாய்சாகப் பதியப்பட்டது. எண்ணில் இடையே உள்ள கோடு விடுபட்டு PK0718 என்று உள்ளிடப்பட்டதால், இன்வாய்ஸ் எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் எங்கள் மென்பொருள் அதை வேறொன்றாகவே எடுத்துக்கொண்டது. 19 ஜூன் அன்று இரண்டாவது முறை பணம் போனது.

"பதியப்பட்டது", "உள்ளிடப்பட்டதால்" என்று எழுதிக்கொண்டே போகிறேன். இரண்டாவதைப் பதிந்தவன் நான்தான்.

கண்டுபிடித்த விதமும் பழைய பேரேடு சொன்னதற்குப் பொருந்துகிறது. எங்கள் ஏட்டின்படி சப்ளையருக்குத் தர வேண்டியது 41,200. அது 24 ஜூன் தேதியிட்ட PK-0790 என்ற இன்வாய்ஸ். இன்று வந்த அவர்களின் கணக்கு அறிக்கையோ, அவர்கள்தாம் எங்களுக்கு 45,200 தர வேண்டியிருப்பதாகக் காட்டியது. இரண்டையும் கூட்டினால் 86,400. அந்த அறிக்கை மட்டும் வராதிருந்தால் எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது.

கணினியில் பிழை என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். கணினி செய்ததெல்லாம், அதற்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்ததுதான்.

சிவப்பு மை | 30 ஜூன், இரவு 8.58

இப்போது எழுதியதில் பாதியே மின்னஞ்சல் ஆகிவிட்டது என்பதைக் கவனித்தீர்களா?

மாதமுடிவு | 30 ஜூன், இரவு 9.25

திருத்தும் பதிவையும் போட்டுவிட்டேன். சரிதானா என்று பாருங்கள். சப்ளையர் கணக்கு பற்று 86,400. பொதிப்பொருள் இருப்புக் கணக்கு வரவு 80,000. உள்ளீட்டு வரி வரவு 6,400. ஜூன் மாத வரி அறிக்கை இன்னும் அளிக்கப்படவில்லை. ஆகவே இருமுறை எடுத்த வரியும் இந்த மாதத்திலேயே சரியாகிவிடும்.

பழைய பேரேடு | 30 ஜூன், இரவு 9.50

வரிப் பகுதி சரி. இருப்புக் கணக்கில்தான் எனக்கு ஐயம். இரண்டாவது பதிவுக்குக் கொள்முதல் ஆணை இல்லை, சரக்குப் பெற்ற சீட்டும் இல்லை. அப்படியிருக்க அது இருப்புக் கணக்குக்குள் எப்படிப் போயிருக்கும்? ஆணையில்லாத இன்வாய்சைப் பதியும்போது நீங்கள் ஏதோ ஒரு கணக்கைக் கையால் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அந்தக் கணக்கு எது?

மாதமுடிவு | 30 ஜூன், இரவு 10.05

பொதிச் செலவுக் கணக்கு. இப்போதுதான் பார்த்தேன்.

எப்படித் தவறினேன் என்றால், முதல் பதிவைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு அதன் கணக்குத் தலைப்புகளையே எதிர்ப்பதிவிலும் எடுத்துவிட்டேன். அப்படியே விட்டிருந்தால் சப்ளையரின் பேரேடு சரியாகத் தெரிந்திருக்கும். ஆனால் கிடங்கில் அட்டைப்பெட்டிகள் இருக்கும்போதே ஏட்டில் இருப்பு 80,000 குறைந்திருக்கும். ஜூன் மாதச் செலவோ 80,000 கூடுதலாகவே நின்றிருக்கும். ஒரு தவறைத் திருத்தப் போய் இரண்டு கணக்குகளைக் கெடுத்திருப்பேன். அந்தப் பதிவை நீக்கிவிட்டு, வரவைப் பொதிச் செலவுக் கணக்கில் வைத்து மீண்டும் போட்டுவிட்டேன். இப்போது எங்கள் ஏட்டில் சப்ளையர் கணக்கு 45,200 பற்று இருப்பைக் காட்டுகிறது. அவர்கள் அனுப்பிய அறிக்கையோடு ஒத்துப்போகிறது.

நேர்வழி | 30 ஜூன், இரவு 10.20

என் வழியில் போயிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது.

பழைய பேரேடு | 30 ஜூன், இரவு 10.28

உண்மை. வேறு குழப்பம் வந்திருக்கும்.

இரண்டு குறியீடு | 30 ஜூன், இரவு 11.10

எனக்கு நேர்ந்தது வேறு மாதிரி. எங்கள் சப்ளையர் பட்டியலில் ஒரே நிறுவனம் இரண்டு குறியீடுகளில் இருந்தது. பெயரின் நடுவே ஒன்றில் புள்ளி உண்டு, மற்றொன்றில் இல்லை. இன்வாய்ஸ் எண் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தும் மென்பொருள் தடுக்கவில்லை, ஏனெனில் அது ஒரே குறியீட்டுக்குள் மட்டுமே ஒப்பிட்டது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஐந்து மாதம் ஆயிற்று. நீங்கள் மற்ற சப்ளையர்களையும் தேடிப் பார்த்தீர்களா? "இது ஒன்றுதானா?" என்றுதான் என் மேலாளர் முதலில் கேட்டார். என்னிடம் அப்போது பதில் இல்லை.

மாதமுடிவு | 30 ஜூன், இரவு 11.55

தேடவில்லை. கேட்ட பிறகு தூக்கம் வரவில்லை என்பதால் தேடினேன். கடந்த 12 மாத இன்வாய்ஸ் பதிவுகளை எக்செலில் இறக்கிக்கொண்டேன். A நெடுவரிசையில் சப்ளையர் குறியீடு, C-யில் இன்வாய்ஸ் எண், D-யில் தொகை. முதலில் எண்ணிலுள்ள கோடு, சாய்கோடு, இடைவெளி ஆகியவற்றை நீக்கினேன்:

```
=SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(UPPER(C2),"-",""),"/","")," ","")
```

பிறகு ஒரே சப்ளையருக்கு ஒரே தொகை எத்தனை முறை வருகிறது என்று எண்ணினேன்:

```
=COUNTIFS(A:A,A2,D:D,D2)
```

ஒன்றுக்கு மேல் வந்த வரிகள் நிறைய இருந்தன. பெரும்பாலானவை மாதாமாதம் ஒரே தொகையில் வரும் வாடகையும் பராமரிப்புக் கட்டணமும்தான். அவற்றை ஒதுக்கிவிட்டு, சுத்தம் செய்த எண்ணும் ஒன்றாக இருப்பவற்றை மட்டும் பார்த்தால் ஒரே ஒரு ஜோடிதான் மிஞ்சுகிறது. என்னுடையதேதான்.

பழைய பேரேடு | 1 ஜூலை, காலை 6.30

இந்தத் தேடல் எதைப் பிடிக்காது என்பதையும் மேலாளருக்குச் சொல்லுங்கள். யாராவது PK718 என்று சுழியத்தை விட்டு எழுதியிருந்தால், உங்கள் சுத்தம் செய்யும் வாய்பாடு அதைக் கண்டுகொள்ளாது. தொகைவாரிப் பட்டியலைக் கண்ணால் பார்த்தால்தான் சிக்கும். இரண்டு குறியீடுகளில் இருக்கும் சப்ளையரும் சிக்கமாட்டார். அதற்குச் சப்ளையர்களின் வங்கிக் கணக்கு எண்களை ஒப்பிட வேண்டும்.

இரண்டு குறியீடு | 1 ஜூலை, காலை 7.02

வங்கிக் கணக்கு எண்ணை COUNTIF வைத்து நானும் ஒப்பிட்டேன். சம்பந்தமே இல்லாத இரண்டு நிறுவனங்களை ஒன்றென்று காட்டி என்னை அவமானப்படுத்தியது. அவர்களில் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தும்விட்டேன்.

பழைய பேரேடு | 1 ஜூலை, காலை 7.15

கணக்கு எண்கள் 15 இலக்கத்துக்கு மேற்பட்டவையாக இருந்திருக்கும். கலத்தில் எழுத்தாகச் சேமித்திருந்தாலும், எண்போல் தோன்றுவதை COUNTIF எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். எக்செல் 15 இலக்கங்கள் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். கடைசி இலக்கங்களில் மட்டும் மாறும் இரண்டு கணக்குகள் அதற்கு ஒன்றாகத் தெரியும். எண்கள் F நெடுவரிசையில் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருந்தால் நேரடி ஒப்பீடு ஏமாற்றாது:

```
=SUMPRODUCT(--($F$2:$F$2000=F2))
```

மாதமுடிவு | 1 ஜூலை, காலை 7.40

அந்த வாய்பாட்டை ஓட்டினேன். எங்கள் பட்டியலில் எந்த இரண்டு சப்ளையருக்கும் ஒரே வங்கிக் கணக்கு இல்லை. மின்னஞ்சலில் இதற்கு ஒரு வாக்கியம் தருவேன், வாய்பாடுகளைத் தரமாட்டேன்.

இனி எனக்குத் தொல்லை தருவது வேறு. 5 ஜூன், 19 ஜூன் ஆகிய இரண்டு பணப் பட்டியல்களுக்கும் ஒப்புதல் தந்தவர் இந்த மின்னஞ்சலைப் பெறப்போகும் மேலாளரேதான். அதை எழுதுவதா, விடுவதா?

நேர்வழி | 1 ஜூலை, காலை 7.48

எழுதாதீர்கள். அவருக்கே தெரிந்ததை அவருக்கு எழுதிக் காட்டினால், குற்றத்தைப் பங்கு போடுவதாகவே தெரியும்.

சிவப்பு மை | 1 ஜூலை, காலை 8.05

எழுதுங்கள். என் கையெழுத்து அதில் இருந்தால் அதை நான் உங்களிடமிருந்துதான் முதலில் கேட்க விரும்புவேன், தணிக்கையாளரிடமிருந்து அல்ல. அந்த மின்னஞ்சலை நான் மேலே அனுப்பும்போது, என் பெயர் மட்டும் நாசூக்காக விடுபட்டிருப்பது என்னைத்தான் சங்கடப்படுத்தும். குறை சொல்லும் சொல் எதுவும் தேவையில்லை. யார், எந்தத் தேதியில் ஒப்புதல் தந்தார் என்பது வெறும் தகவல்.

ஒப்புதல் தருபவர் பட்டியலில் எதைப் பார்த்தார் என்பதையும் யோசியுங்கள். 19 ஜூன் பட்டியலில் PK0718 மட்டுமே இருந்திருக்கும். இரண்டு வாரத்துக்கு முந்தைய பட்டியலில் இருந்த PK-0718 நினைவுக்கு வர வேண்டும் என்று யாரிடமும் எதிர்பார்க்க முடியாது.

மாதமுடிவு | 1 ஜூலை, காலை 8.50

அனுப்பிவிட்டேன். எண்களைத் தவிர வேறெதையும் மாற்றாமல் இங்கே வைக்கிறேன்.

பொருள்: ஜூனில் இருமுறை செலுத்தப்பட்ட 86,400 – ஏட்டில் திருத்தப்பட்டது, பணம் இன்னும் வரவில்லை

"ஐயா,

அட்டைப்பெட்டி சப்ளையரின் PK-0718 என்ற இன்வாய்சுக்கு 5 ஜூன் அன்றும் 19 ஜூன் அன்றும் என இருமுறை 86,400 செலுத்தியிருக்கிறோம். இரண்டாவது தொகை இன்றுவரை சப்ளையரிடமே உள்ளது. அதை முழுமையாகத் திருப்பி அனுப்புவதாக அவர்கள் இன்று காலை எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கடிதத்தை இணைத்துள்ளேன்.

சப்ளையர் நினைவூட்டலோடு அனுப்பிய பிரதியை, 9 ஜூன் அன்று நான் புதிய இன்வாய்ஸ் என்று கருதி, கொள்முதல் ஆணையோடு பொருத்தாமல், PK0718 என்ற எண்ணில் பதிந்தேன். எண்ணில் கோடு இல்லாததால் மென்பொருளின் இரட்டைப் பதிவுச் சோதனை அதைத் தடுக்கவில்லை. இரு பணப் பட்டியல்களும் வழக்கமான ஒப்புதலுக்குப் பின்னரே வங்கிக்குச் சென்றன. எங்கள் பேரேடும் வங்கிச் சரிகட்டலும் சமமாகவே இருந்தன. சப்ளையரின் ஜூன் மாத அறிக்கையை நம் ஏட்டோடு ஒப்பிட்டபோது நேற்றுப் பிற்பகல் வேறுபாடு தெரிந்தது.

இரண்டாவது பதிவு ஜூன் மாதப் பொதிச் செலவை 80,000, உள்ளீட்டு வரியை 6,400 கூட்டியிருந்தது. 30 ஜூன் தேதியிட்ட எதிர்ப்பதிவு இரண்டையும் நீக்கிவிட்டது. முதல் பதிவு இருப்புக் கணக்கில் சரியாக உள்ளது, அதைத் தொடவில்லை. ஜூன் வரி அறிக்கை இன்னும் அளிக்கப்படாததால் அதில் திருத்தம் தேவையில்லை. மே மாதக் கணக்கில் பாதிப்பு இல்லை.

கடந்த 12 மாதப் பதிவுகளில் இதேபோன்ற வேறொன்று இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. இன்வாய்ஸ் எண்ணில் சுழியம் விடுபட்டவை இத்தேடலில் சிக்காமல் போகலாம்.

கொள்முதல் ஆணையோடு இயங்கும் சப்ளையர்களின் இன்வாய்சை ஆணை எண் இன்றிப் பதிய இயலாதவாறு மென்பொருளில் தடை வைக்க உங்கள் அனுமதி வேண்டும். அதுவரை அத்தகையவற்றை இன்னொருவர் பார்த்த பின்னரே பதிவேன்."

இரண்டு இன்வாய்ஸ் படிகள், வங்கி அறிக்கையின் இரண்டு வரிகள், சப்ளையரின் கணக்கு அறிக்கை, எதிர்ப்பதிவு ஆகியவற்றையும் இணைத்தேன்.

சிவப்பு மை | 1 ஜூலை, காலை 9.10

"வழக்கமான ஒப்புதலுக்குப் பின்னரே" என்பது இலக்கணத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளும் வாக்கியம். மற்றபடி, இதைப் பெற்றிருந்தால் நான் தொலைபேசியை எடுத்திருக்கமாட்டேன்.

மாதமுடிவு | 1 ஜூலை, காலை 9.14

ஒளிந்துகொண்டது உண்மை. தெரிந்தே செய்தேன்.

பழைய பேரேடு | 1 ஜூலை, காலை 10.20

மின்னஞ்சலில் ஒன்று விடுபட்டிருக்கிறது, அதைவிட அவசரமான ஒன்று வெளியேயும் இருக்கிறது.

முதலில் விடுபட்டது. 30 ஜூன் கணக்கில் இத்தொகையை எப்படிக் காட்டுகிறீர்கள்? சப்ளையர் கணக்கின் 45,200 பற்று இருப்பைக் கடனீந்தோரின் மொத்தத்துக்குள் விட்டுவைத்தால், நாம் பிறருக்குத் தர வேண்டிய தொகை அந்த அளவுக்குக் குறைந்து தெரியும். நமக்கு வர வேண்டியதாகத் தனியே எடுத்துக் காட்ட வேண்டும்.

அடுத்தது அவசரம். நீங்கள் போட்ட எதிர்ப்பதிவு சப்ளையர் கணக்கில் 86,400 பற்றாகத் திறந்து கிடக்கிறது. பல மென்பொருள்கள் அடுத்த பணப் பட்டியலைத் தயாரிக்கும்போது, அத்தகைய பற்றை நிலுவை இன்வாய்சிலிருந்து தாமாகவே கழித்துக்கொள்ளும். சப்ளையர் முழுத்தொகையையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும்போது நீங்களும் இங்கே கழித்துவிட்டால், ஒரே பணத்தை நீங்கள் இருமுறை வசூலித்தவர் ஆவீர்கள். அந்தப் பற்றுப் பதிவின்மேல் கழிக்கக்கூடாது என்று தடைக்குறி வையுங்கள்.

மாதமுடிவு | 1 ஜூலை, காலை 11.05

3 ஜூலைக்கான பட்டியலின் முன்வரைவு இன்று காலையே உருவாகியிருந்தது. அதில் அட்டைப்பெட்டி சப்ளையர் இல்லவே இல்லை. PK-0790-க்கான 41,200-லிருந்து 86,400-ஐக் கழித்து, மிச்சம் எதிர்மறை என்பதால் அவரையே பட்டியலிலிருந்து ஒதுக்கிவிட்டது. எந்த எச்சரிக்கையும் இல்லை. இல்லாத பெயரை யார் தேடுவார்கள்? தடைக்குறி வைத்து முன்வரைவை மறுபடி ஓட்டினேன். 41,200 பட்டியலுக்குள் வந்துவிட்டது.

இருமுறை செலுத்தியதற்கு வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவன், இருமுறை வசூலிக்கவும் தயாராக இருந்திருக்கிறேன்.

நேர்வழி | 1 ஜூலை, மதியம் 12.30

கழித்துக்கொள்வதே எளிதாயிற்றே. 41,200-ஐக் கழித்துக்கொண்டு 45,200 மட்டும் அனுப்பச் சொல்லியிருக்கலாம். ஏன் முழுத்தொகை?

மாதமுடிவு | 1 ஜூலை, மதியம் 12.50

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். நேர்வழி இதில் தவறில்லை. ஆனால் PK-0790-இல் இரண்டு பெட்டிக்கட்டுகள் நனைந்து வந்ததாகக் கிடங்கிலிருந்து புகார் இருக்கிறது. அந்த இன்வாய்சின் தொகையே மாறக்கூடும். தகராறில் இருக்கும் ஒன்றையும் தகராறே இல்லாத ஒன்றையும் முடிச்சுப் போட்டால், 86,400 எப்போது தீர்ந்தது என்று பிறகு யாராலும் காட்ட முடியாது. முழுத்தொகையும் ஒரே வரியாக வங்கி அறிக்கையில் வந்தால், மேலாளருக்கு அந்த ஒரு வரியைக் காட்டினால் போதும்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். கழிக்கப் போவதில்லை என்றால், 30 ஜூன் கணக்கில் வர வேண்டியது 45,200-ஆ, அல்லது 86,400 வர வேண்டியதாகவும் 41,200 தர வேண்டியதாகவும் தனித்தனியேயா?

பழைய பேரேடு | 1 ஜூலை, மதியம் 1.15

தனித்தனியே. நான் காலையில் 45,200 என்று எழுதியது அவசரத்தில் எழுதியது. முழுத்தொகையும் திரும்பி வருகிறது என்பதை மின்னஞ்சலில் படித்திருந்தும் கவனிக்கவில்லை. கழித்துத் தீர்க்கும் சட்ட உரிமையும் அப்படித் தீர்க்கும் எண்ணமும் ஆகிய இரண்டும் இருந்தால்தான் நிகரத் தொகையாகக் காட்டலாம் என்கிறது ஐஏஎஸ் 32 என்ற சர்வதேசக் கணக்கியல் தரநிலை. எண்ணம் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

சிவப்பு மை | 1 ஜூலை, மதியம் 1.40

இந்தத் தொகைக்கு இவ்வளவு நுணுக்கம் அவர்கள் கணக்கில் பொருட்படுத்தத்தக்கதுதானா என்பது வேறு கேள்வி. ஆண்டுக் கணக்கில் இது தெரியவே போவதில்லை. ஆனால் மாத அறிக்கையைப் படிப்பவர் ஒரே ஒருவர். அவர் இன்று காலைதான் 86,400 என்ற எண்ணைப் படித்திருக்கிறார். அறிக்கையில் 45,200 என்று கண்டால் மறுபடி கேட்பார். அந்த ஒரு காரணத்துக்காகவே தனித்தனியே காட்டலாம்.

மாதமுடிவு | 1 ஜூலை, மாலை 4.20

தனித்தனியே காட்டி, மேலாளருக்கு இரண்டு வரியில் துணை மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று வாக்கியம் போதும் என்று வாதிட்டவன் இரண்டாம் மின்னஞ்சலும் எழுதிவிட்டேன். "இரு பட்டியல்களுக்கும் ஒப்புதல் தாங்கள் அளித்தது, பட்டியலின் வடிவத்தில் இரண்டாவது பதிவைக் கண்டறிய வழி இல்லை" என்பதையும் அதிலேயே சேர்த்தேன். காலையில் விட்டது நாள் முழுக்க உறுத்திக்கொண்டிருந்தது.

நேர்வழி | 1 ஜூலை, மாலை 4.45

அது பொறுப்பை ஏற்பது போலவும் இருக்கிறது, பங்கு கொடுப்பது போலவும் இருக்கிறது. நான் இன்னும் சேர்த்திருக்கமாட்டேன்.

மாதமுடிவு | 4 ஜூலை, காலை 11.30

பணம் வந்துவிட்டது. 86,375.

அனுப்பிய வங்கி தன் கட்டணமாக 25-ஐ வழியிலேயே பிடித்துக்கொண்டிருக்கிறது. வந்ததை வங்கி பற்று, சப்ளையர் வரவு என்று பதிந்தேன். 25 இன்னும் சப்ளையர் கணக்கில் நிற்கிறது.

வங்கி வரிசை | 4 ஜூலை, மதியம் 12.10

வங்கியிடம் கேளுங்கள்.

இரண்டு குறியீடு | 4 ஜூலை, மதியம் 12.25

எனக்கு வந்த தொகையை "இதர வருமானம்" என்று பதிந்துவிட்டு, அடுத்த ஆண்டு தணிக்கையில் மாட்டிக்கொண்டேன். செலவு கூடுதலாகவும் வருமானம் கூடுதலாகவும் இருந்ததால் லாபம் மட்டும் சரியாக இருந்தது. நீங்கள் சப்ளையர் கணக்கிலேயே பதிந்தது நல்லது. அந்த 25-ஐ வங்கிக் கட்டணத்தில் எழுதிவிடுங்கள், தவறு நம்முடையது.

பழைய பேரேடு | 4 ஜூலை, மதியம் 1.00

தவறான பதிவு நம்முடையதுதான், ஆனால் பணம் தீர்ந்த பிறகும் நினைவூட்டல் அனுப்பியது அவர்கள். முதலில் கேட்டுப் பாருங்கள். தரமாட்டோம் என்றால் எழுதிவிடலாம். கேட்காமல் எழுதக்கூடாது என்பது என் பழக்கம், விதி அல்ல.

மாதமுடிவு | 6 ஜூலை, மாலை 5.15

மேலாளரின் பதில் இன்று வந்தது. மென்பொருளில் ஆணை எண் இன்றிப் பதிய முடியாத தடைக்கு அனுமதி தந்திருக்கிறார். ஒப்புதல் பற்றிய வரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது நல்லதா கெட்டதா என்று எனக்குப் புரியவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்:

"86,375 வந்திருக்கிறது. 25 எங்கே?"

சப்ளையருக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை.